ஒரே திரையில் இரண்டு ரூபாய்

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கடையின் கல்லாவுக்குப் பக்கத்தில் LANKAQR என்று எழுதிய அட்டையைக் கண்டால், இந்தியாவிலிருந்து போனவரின் கை தானாகப் போனைத் தேடும். 2024 பிப்ரவரி 12 அன்று இலங்கையிலும் மொரீஷியஸிலும் ஒரே நாளில் யுபிஐ தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஃபோன்பே இலங்கையின் லங்காபே நிறுவனத்தோடு கைகோத்தது. அதனால் இந்திய வங்கிக் கணக்கிலிருந்தே இலங்கைக் கடைக்காரருக்குப் பணம் கொடுக்க முடிகிறது. கணக்கில் கழிவது இந்திய ரூபாய், கடைக்குப் போய்ச் சேருவது இலங்கை ரூபாய்.

சிக்கலும் அங்கேதான். துபாயில் திர்ஹாம், சிங்கப்பூரில் டாலர் என்று பெயரே மாறிவிடுவதால் அங்கே ஒருமுறை யோசித்துத்தான் தொகையை அடிப்போம். இலங்கையில் விலைப்பட்டியலில் ரூபாய், கடைக்காரர் வாயிலும் ரூபாய், நம் போனிலும் ரூபாய். ஆனால் ஓர் இந்திய ரூபாய்க்குச் சுமார் மூன்றரை இலங்கை ரூபாய். போதாக்குறைக்கு, ஸ்கேன் செய்தவுடன் பின் அடிப்பதை நம் ஊர் டீக்கடையில் திரையைப் பார்க்காமலே செய்து பழகிவிட்டோம். வெளிநாட்டுப் பரிவர்த்தனையில் பின் அடிப்பதற்கு முன் வரும் உறுதிப்படுத்தும் திரை, உள்ளூரில் வரும் அதே திரை போலத் தோன்றும். அதில் இருக்கும் விவரம் வேறு.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. வெளிநாட்டில் செலுத்தும் வசதி செயலியில் வழக்கமாக அணைத்தே இருக்கும். அமைப்புகளில் UPI International என்ற இடத்தில், எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் போக வேண்டுமோ அதற்கு அதை இயக்க வேண்டும். இதைப் புறப்படும் முன் வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது. யுபிஐ உங்கள் இந்திய சிம்மோடு பிணைந்தது. உள்ளூர் சிம் போடுவதற்காக இந்திய சிம்மைக் கழற்றினால், செயலி மறுபடி எண்ணைச் சரிபார்க்கச் சொல்லி நிற்கக்கூடும். இரண்டு சிம் போடும் போன் என்றால் இந்தக் கவலை இல்லை. இன்னொன்று: லங்காகியூஆர் அட்டை வைத்திருக்கும் எல்லாக் கடையிலும் யுபிஐ செல்லும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளைக் கட்டச் சொல்லும் முன்பே கேட்டுவிடலாம்.

இனி, அந்தக் கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரங்கள் ஒரு நீளமான எழுத்து வரிசையை மட்டுமே சுமக்கின்றன. உலகின் பல நாடுகள் பின்பற்றும் ஒரு பொது விதிப்படி அது எழுதப்பட்டிருக்கிறது. லங்காகியூஆரும் அந்த விதியைத்தான் பின்பற்றுகிறது. அந்த வரிசையின் நடுவே இப்படி இரண்டு துண்டுகள் இருக்கும்:

```
5303144
5802LK
```

முதல் துண்டில் 53 என்பது ‘இது நாணயம்’ என்று சொல்லும் அடையாளம். 03 என்பது அடுத்து மூன்று இலக்கங்கள் வரும் என்பது. 144 என்பது இலங்கை ரூபாய்க்கான சர்வதேச எண். இந்திய ரூபாயின் எண் 356. இரண்டாவது துண்டு, நாடு இலங்கை என்கிறது. ஆக, அட்டையே ‘நான் இலங்கை ரூபாயில் வாங்குபவன்’ என்று உங்கள் செயலியிடம் சொல்லிவிடுகிறது. தொகை அடிக்கும் கட்டத்துக்குப் பக்கத்தில் ₹ குறிக்குப் பதில் LKR என்று வருவது இதனால்தான்.

தொகைக்கும் ஓர் அடையாளம் உண்டு, அது 54. கல்லாவில் அச்சடித்து ஒட்டிய அட்டையில் இந்த 54 இருக்காது. தொகையை நீங்கள்தான் அடிக்க வேண்டும். பெரிய கடைகளில் பில் போட்டதும் இயந்திரத்தின் திரையில் தோன்றும் கோடில் 54 இருக்கும். அங்கே தொகை தானாக வந்து நிற்கும். தானாக வந்தது என்பதற்காக அதைப் படிக்காமல் விடக்கூடாது. முன்னால் நின்றவரின் பில்லுக்கான கோடு திரையிலிருந்து போகாமல் இருந்தால், அவருடைய தொகை உங்கள் போனில் வரும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் பனங்கட்டியும் நெல்லி கிரஷ் போத்தல்களும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் 2,350 இலங்கை ரூபாய். அட்டையை ஸ்கேன் செய்கிறார், LKR கட்டத்தில் 2350 என்று அடிக்கிறார். இப்போது வரும் திரையில் மூன்று விவரங்கள் இருக்கும்: கடையின் பெயர், இலங்கை ரூபாய்த் தொகை, அதற்கு ஈடாகக் கணக்கில் கழியப்போகும் இந்திய ரூபாய். மாற்று விகிதமும் அங்கேயே தெரியும். விகிதம் 3.40 என்றால் கழியப்போவது 691 ரூபாய் 18 காசு. அன்றைக்கு இணையத்தில் தேடினால் 3.50 என்று காட்டியிருக்கலாம். அந்தக் கணக்கில் 671 ரூபாய்தான் வர வேண்டும். இந்த 20 ரூபாய் வித்தியாசம் பிழையில்லை. இணையம் காட்டுவது பெரிய வங்கிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் விகிதம். நமக்குக் கிடைப்பது அதில் வங்கியின் பங்கும் கட்டணமும் கழித்த விகிதம். இது கட்டுப்படியாகுமா, பணமாகக் கொடுப்பது மேலா என்பதை முடிவு செய்ய வேண்டிய இடமும் இந்தத் திரைதான். பின் அடித்த பிறகு அந்தக் கேள்விக்கு அர்த்தமில்லை.

மூன்று விவரங்களையும் சரிபார்க்க வேண்டும். ஒன்றைப் பார்த்தால் மற்றது சரியாகத்தான் இருக்கும் என்று விட முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் பிடிக்கும் தவறு வேறு. கை நழுவி ஒரு சுழியம் கூடி 23500 ஆகிவிட்டது என்று வையுங்கள். செயலி சமர்த்தாக அதையும் மாற்றி 6,911 ரூபாய் 76 காசு என்று காட்டும். விகிதம் சரி, கணக்கு சரி, தொகைதான் தப்பு. இதைப் பிடிக்க வேண்டுமானால் கையிலிருக்கும் பில்லையும் திரையிலிருக்கும் LKR எண்ணையும் இலக்கம் இலக்கமாக ஒப்பிட வேண்டும். புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான். உணவகம் என்றால் பட்டியலில் இருந்த விலையின் மேல் சேவைக் கட்டணமும் வரியும் ஏறியிருக்கும். மனக்கணக்கை நம்பாமல் பில் வரும்வரை காத்திருங்கள்.

நாணயக் குழப்பம் இன்னொரு வகை. தமிழ்நாட்டுக்காரர்கள் நிறைய வந்து போகும் கடையில், “அண்ணை, உங்கட காசில ஒரு எழுநூறு வரும்” என்று கடைக்காரர் உதவியாகச் சொல்வார். கேட்டவர் அதையே LKR கட்டத்தில் 700 என்று அடித்துவிடுவார். இருநூற்றுச் சொச்சம் இந்திய ரூபாய் கழிந்துவிடும். கடைக்காரரின் போனுக்கோ 700 இலங்கை ரூபாய் வந்த செய்தி போகும். இன்னும் 1,650 கொடுக்க வேண்டும். இதில் யாரும் ஏமாற்றவில்லை, ஆனாலும் கல்லாவில் ஒரு தர்மசங்கடம்.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. இந்திய ரூபாய் எண், இலங்கை ரூபாய் எண்ணில் கால் பங்குக்கு மேலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழும் இருக்க வேண்டும். 2,350இல் கால் பங்கு சுமார் 590, மூன்றில் ஒரு பங்கு சுமார் 780. திரையில் வந்த 691 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் இலங்கைத் தொகையை இரட்டித்து ஏழால் வகுத்தால் போதும். விகிதம் மூன்றரையை ஒட்டி இருக்கும்வரை இது செல்லும்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் பணத்தை விழுங்கக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. இலங்கையில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்கிறீர்கள், தொகைக் கட்டத்தில் LKR இல்லை, ₹ மட்டும் இருக்கிறது, மாற்று விகிதமே காணோம். அப்படியானால் நீங்கள் ஸ்கேன் செய்தது லங்காகியூஆர் கோடு இல்லை, இந்தியாவில் உள்ள ஒருவரின் சாதாரண யுபிஐ கோடு. அதில் 2350 என்று அடித்தால் 2,350 இந்திய ரூபாய் அப்படியே போய்விடும். இலங்கைப் பணத்தில் அது சுமார் எட்டாயிரம். வழிகாட்டியோ வண்டி ஓட்டுபவரோ தெரிந்தவர் கணக்கு என்று அப்படியொரு கோடை நீட்டலாம். நல்ல எண்ணத்தில் நீட்டியிருந்தாலும் அது உள்ளூர்ப் பரிவர்த்தனையாகத்தான் பதிவாகும், கடையில் வாங்கியதற்கு உங்களிடம் எந்த அத்தாட்சியும் இருக்காது. நானாக இருந்தால் பணமாகக் கொடுத்துவிடுவேன்.

பெயரைச் சரிபார்ப்பதில் கொஞ்சம் நிதானம் தேவை. பெயர்ப்பலகையில் இருப்பதும் வங்கியில் பதிவானதும் பல கடைகளில் வேறாக இருக்கும். பலகையில் சாமி பெயர் இருக்கும், திரையில் உரிமையாளரின் நிறுவனப் பெயர் வரும். பெயர் பொருந்தவில்லை என்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டியதில்லை. திரையை அவரிடமே காட்டி “இது உங்க கடைதானே அண்ணே?” என்று கேட்டால் முடிந்தது. அட்டையின் மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருந்தால் கடைக்காரருக்கே அது அப்போதுதான் தெரியவரும்.

பின் அடித்த பிறகு பச்சை நிறத்தில் வெற்றி என்று வராமல், நிலுவை என்று சுற்றிக்கொண்டே இருந்தால்? ரோமிங் இணைப்பு தடுமாறும் இடங்களில் இது நடக்கும். உடனே மறுபடி ஸ்கேன் செய்யாதீர்கள். முதல் தொகையும் போய், இரண்டாவதும் போய்விடலாம். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலையும் வங்கிக் கணக்கின் இருப்பையும் பாருங்கள், கடைக்காரரின் போனுக்குச் செய்தி வந்ததா என்று கேளுங்கள். கணக்கில் கழிந்து கடைக்கு வரவில்லை என்றால், அந்தப் பரிவர்த்தனையின் 12 இலக்கக் குறிப்பு எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு உங்கள் வங்கியிடம் புகார் செய்ய வேண்டும். கடைக்குப் போகாத யுபிஐ பணம் ஐந்து நாளுக்குள் திரும்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் காலக்கெடு வைத்தது உண்மைதான். ஆனால் அது அனுப்புபவரும் பெறுபவரும் இந்தியாவில் இருக்கும் பரிவர்த்தனைகளுக்கு மட்டும்.

கூடுதலாகப் போய்விட்ட தொகைக்கும் திரும்பப் பெறும் பொத்தான் கிடையாது. கடைக்காரர்தான் மனம் வைக்க வேண்டும். பெரும்பாலும் அவர் கல்லாவிலிருந்து இலங்கை நோட்டாக எடுத்துத் தருவார். பயணம் பாக்கி இருந்தால் அது செலவாகிவிடும். விமான நிலையக் கடையில் கடைசி நேரத்தில் ஒரு சுழியம் கூடிவிட்டால், அந்த நோட்டுகளை இந்திய ரூபாயாக மாற்றும்போது இன்னொரு முறை விகிதத்தில் இழப்பீர்கள்.