தானாகப் பூட்டட்டும், தானாகத் திறக்க வேண்டாம்

ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஆட்டோமேட்டிக் காரில் வந்தவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆசுவாசப்படுத்திக்கொள்ளலாம் என்று கியரை P-யில் தள்ளுகிறார். உடனே 'டக்' என்று ஒரு சத்தம். நான்கு கதவுகளின் லாக்கும் ஒரே நேரத்தில் விடுபட்டுவிட்டன. பின் சீட்டில் தூங்கும் பாட்டிக்கும், பக்கத்து சீட்டில் இருக்கும் கைப்பைக்கும் அந்த நொடியிலிருந்து காவல் இல்லை. காரில் பழுது ஒன்றும் இல்லை. கியர் P-க்கு வந்தால் திறக்க வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கட்டளையை மாற்றிவிடலாம் என்பது கார் வைத்திருக்கும் பலருக்கும் தெரிவதில்லை.

கதவை மூடி வைத்திருப்பது லாக் இல்லை, லாட்ச் என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது. கதவின் விளிம்பில் இருக்கும் கொக்கி, காரின் சட்டத்தில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது. லாக் செய்தால் வெளிக் கைப்பிடிக்கும் அந்தக் கொக்கிக்கும் உள்ள தொடர்பு அறுந்துபோகிறது. வெளியிலிருந்து எவ்வளவு இழுத்தாலும் கொக்கி அசையாது. உள் கைப்பிடியின் கதை வேறு. பல கார்களில் முன் கதவின் உள் கைப்பிடியை இழுத்தால் லாக் போட்டிருந்தாலும் திறந்துவிடும். பின் கதவில் சில கார்களில் இரண்டு முறை இழுக்க வேண்டியிருக்கும். முதல் இழுப்பில் லாக் போகும், இரண்டாவதில் கதவு திறக்கும். சைல்டு லாக் இதில் சேராது. அது பின் கதவின் விளிம்பில் இருக்கும் சின்ன நெம்பு. அதைப் போட்டுவிட்டால் சென்ட்ரல் லாக் திறந்திருந்தாலும் உள்ளிருந்து கதவு திறக்காது. "லாக்கை எடுத்துவிட்டேன், இன்னும் திறக்க மாட்டேன் என்கிறது" என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த நெம்பைத்தான்.

இனி அமைப்புகளுக்கு வருவோம். ஹூண்டாய் கார்கள் பலவற்றில் டேஷ்போர்டு திரையில் User Settings, அதற்குள் Door என்று போனால் Auto Lock, Auto Unlock என இரண்டு வரிகள் இருக்கும். பூட்டுவதற்கு முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று வேகத்தை வைத்து: மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டியதும் எல்லாக் கதவும் பூட்டிக்கொள்ளும். மற்றொன்று கியரை வைத்து: P-யிலிருந்து எடுத்ததுமே பூட்டிக்கொள்ளும். டொயோட்டாவிலும் இதே இரண்டு வழிகள் உண்டு, வேகம் மட்டும் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்.

எது நல்லது என்பது வீட்டு வாசலைப் பொறுத்தது. காரை ரிவர்ஸில் எடுத்துத் தெருவில் நிறுத்துகிறீர்கள். மனைவியோ மகனோ கேட்டைச் சாத்திவிட்டு வந்து ஏற வேண்டும். கியர் வழியைத் தேர்ந்தெடுத்திருந்தால் காரை நகர்த்தத் தொடங்கும்போதே கதவுகள் பூட்டியாயிற்று. கேட்டைச் சாத்தியவர் கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்ப்பார், நீங்கள் பட்டனைத் தேட வேண்டும். தினமும் இந்தக் கூத்து நடக்கும் வீட்டுக்கு வேக வழிதான் சரி. தனியாக ஓட்டுபவருக்கு, அதிலும் இரவில் நெரிசலான கடைத்தெரு பார்க்கிங்கிலிருந்து ஊர்ந்து வெளியேறுபவருக்கு, கியர் வழி மேல். 15 கிலோமீட்டர் வேகம் வருவதற்குள் பத்து பேர் காரை உரசிக்கொண்டு போய்விடுவார்கள்.

கியர் வழியில் ஒரு ஓட்டை உண்டு. நடுவழியில் ஒருவரை இறக்கிவிட, கியரை D-யிலேயே வைத்துக்கொண்டு பிரேக்கை மட்டும் மிதித்திருக்கிறீர்கள். அவர் கதவைத் திறந்து இறங்கிப் போகிறார். அடுத்து நீங்கள் கிளம்பும்போது கியர் P-யிலிருந்து நகரவில்லை என்பதால், பல கார்களில் லாக் விழாது. வேக வழியில் இந்தத் தொல்லை இல்லை, மறுபடி வேகம் பிடித்ததும் பூட்டிவிடும். கியர் வழிக்காரர்கள், ஆள் இறங்கியதும் ஓட்டுநர் கதவிலுள்ள லாக் பட்டனை ஒருமுறை அழுத்திப் பழகிக்கொள்ள வேண்டும்.

திறப்பதில்தான் யோசிக்க நிறைய இருக்கிறது. P-க்கு வந்ததும் திறப்பது, இன்ஜினை அணைத்ததும் திறப்பது, ஓட்டுநர் தன் கதவைத் திறந்ததும் மற்றவை திறப்பது, எதுவும் தானாகத் திறக்காமல் இருப்பது என்று பிராண்டைப் பொறுத்து இவற்றில் சிலவோ எல்லாமோ இருக்கும். மேனுவல் கியர் காரில் P என்பதே கிடையாது, அங்கே இன்ஜினை அணைப்பதுதான் பெரும்பாலும் சைகை. ரயில்வே கேட்டில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினையே அணைத்து வைப்பவர்கள் நம்மில் ஏராளம். அதனால் அந்த வழியும் முழுக் காவல் ஆகாது.

என்னைக் கேட்டால் ஓட்டுநர் கதவோடு இணைக்கும் வழியைத்தான் சொல்வேன். நீங்கள் உண்மையிலேயே இறங்க முடிவு செய்தபோதுதான் அது வேலை செய்யும். டொயோட்டாவில் இன்ஜினை அணைத்த 45 விநாடிக்குள் ஓட்டுநர் கதவைத் திறந்தால் மற்ற கதவுகளும் திறக்கும். இன்னொரு லாபமும் உண்டு. நம் சாலையில் காரை இடப்பக்கம் ஓரங்கட்டினால், பின் சீட்டில் வலப்பக்கம் இருப்பவர் கதவைத் திறப்பது ஓடுகிற போக்குவரத்துக்கு நேராக. பைக்கில் வருபவர் அந்தக் கதவில் மோதி விழுவது நாம் அறியாத விபத்து இல்லை. P-யில் போட்டதுமே திறந்துகொள்ளும் காரில், நீங்கள் கண்ணாடியைப் பார்ப்பதற்குள் பின்னால் இருக்கும் பையன் கதவைத் தள்ளிவிடுவான். உங்கள் விரல் அன்லாக் பட்டனுக்குப் போகும்வரை பெரும்பாலும் அவன் காத்திருப்பான். இரண்டாம் முறை இழுத்தால் திறக்கும் என்று கண்டுபிடித்துவிட்ட பையனுக்குத்தான் சைல்டு லாக்.

பள்ளி வாசலில் தினமும் பிள்ளையை இறக்கிவிட்டு, தான் இறங்காமலே கிளம்பும் பெற்றோருக்கு இது ஒரு பட்டன் அழுத்தும் வேலையைக் கூட்டும். அந்த ஒரு அழுத்தம் இருக்கட்டும்.

திரையில் இந்த மெனு இல்லாத கார்களும் உண்டு. டொயோட்டாவின் பல மாடல்களில் கியரும் கதவு பட்டனுமே மெனு. எல்லாக் கதவையும் மூடிவிட்டு இக்னிஷனை ஆன் செய்ய வேண்டும். 20 விநாடிக்குள் கியரை P அல்லது N-ல் வைத்து, ஓட்டுநர் கதவிலுள்ள லாக் அல்லது அன்லாக் பட்டனை ஏறக்குறைய 5 விநாடி அழுத்திப் பிடித்து விட வேண்டும். N-ல் வைத்து லாக் பட்டன் என்றால் வேக வழிப் பூட்டு. N-ல் அன்லாக் என்றால் ஓட்டுநர் கதவோடு திறப்பது. P-யில் லாக், கியரோடு பூட்டுவது. P-யில் அன்லாக், கியரோடு திறப்பது. மாற்றம் ஏறிவிட்டால் கதவுகள் எல்லாம் ஒருமுறை பூட்டித் திறக்கும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் ஏதோ ஒரு படி தவறியிருக்கிறது, இக்னிஷனை அணைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதே செயலைத் திரும்பச் செய்தால் வசதி ரத்தாகும். விநாடிக் கணக்கு மாடலுக்கு மாடல் சற்று மாறும் என்பதால் உங்கள் காரின் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் கதவு பூட்டியே கிடந்தால் என்ன ஆவது என்ற பயம் நியாயமானது. பலமான மோதலில் லாக் தானாக விடுபடும்படி இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஏற்பாடு உண்டு. ஆனால் மோதிய கோணத்தைப் பொறுத்து அது வேலை செய்யாமலும் போகலாம் என்று கையேடுகளே சொல்கின்றன. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களில் சென்ட்ரல் லாக்கைக் கையாலேயே விடுவிக்கும் வழி கட்டாயம். உங்கள் காரில் அது எங்கே இருக்கிறது, பின் கதவை எத்தனை முறை இழுக்க வேண்டும் என்பதை வீட்டிலுள்ள பெரியவர்களை உட்கார வைத்து ஒருநாள் அவர்கள் கையாலேயே செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வசதி, இறங்கி நடந்தால் தானே பூட்டிக்கொள்வது. மூன்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஹோண்டாவின் முறையை எடுத்துக்கொள்வோம். இன்ஜினை அணைத்து, ஸ்மார்ட் கீயோடு இறங்கி, எல்லாக் கதவும் மூடியதும் கார் 'பீப்' என்று குரல் கொடுக்கும். உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். சாவி ஏறக்குறைய ஒன்றரை மீட்டரைத் தாண்டி இரண்டு விநாடி வெளியே இருந்தால் பூட்டிக்கொள்ளும்.

கல்யாண மண்டபத்து வாசலில் நடப்பதைப் பாருங்கள். ஓட்டி வந்த அப்பா, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரில் வந்த சம்பந்தியைப் பார்த்ததும் வேகமாக நடந்துவிடுகிறார். பின் சீட்டிலிருந்து பாட்டி நிதானமாகப் புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்குகிறார். தாம்பூலப் பை, பூக்கூடை எல்லாம் இறங்கியபின் யாரோ கடைசிக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த நேரத்தில் சாவி இருபதடி தள்ளி இருக்கிறது. கதவு மூடும்போது சாவி அருகில் இல்லாததால் காரின் கவனிப்பே தொடங்கவில்லை. பீப் இல்லை, லாக்கும் இல்லை. தானே பூட்டிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் கார் மாலைவரை திறந்து கிடக்கும். இன்னொரு சாவி கைப்பைக்குள் காரிலேயே இருந்தாலும் இதே கதிதான்.

பூட்டியதா என்று கைப்பிடியை இழுத்துச் சோதிப்பது பலரின் பழக்கம். ஸ்மார்ட் கீ காரில் அது உதவாது. சாவி உங்கள் பையில் இருக்க, கைப்பிடியைப் பிடித்ததுமே கார் திறந்துவிடும். பூட்டவில்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். சாவியை வேறு ஒருவரிடம் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இழுத்துப் பாருங்கள். லாக் விழுந்தால் பக்கக் கண்ணாடி மடங்கும்படி அமைக்க முடிகிற காராக இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், தூரத்திலிருந்தே தெரியும்.

யாராவது காருக்குள் இருக்கும்போது நீங்கள் மட்டும் சாவியோடு கடைக்குப் போனால், இந்த வசதி அவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். உள்ளிருந்து கதவைத் திறக்க முடியும், ஆனால் அலாரம் அலறக்கூடும். பெரியவர்கள் இருந்தால் சாவியை அவர்களிடமே கொடுத்துவிட்டுப் போகலாம். சாவி உள்ளே இருந்தால் தானியங்கிப் பூட்டு வேலை செய்யாது. சின்னக் குழந்தையைத் தனியே விட்டுப் போவதற்கு எந்த அமைப்பும் தீர்வில்லை.

டெஸ்லாவில் வீட்டில் நிறுத்தும்போது மட்டும் இந்தப் பூட்டு வேண்டாம் என்று விலக்கு அளிக்கும் தேர்வு இருக்கிறது. சொந்த வீட்டு கார் ஷெட்டில் எதற்குப் பூட்டு என்ற எண்ணம். நம் வீடுகளுக்கு அது வேண்டாம் என்பேன். பூட்டாமல் நின்ற காருக்குள் விளையாட்டாக ஏறி, கதவைத் திறக்கத் தெரியாமல் வெப்பத்தில் மாண்ட குழந்தைகளைப் பற்றிய செய்திகள் கோடைதோறும் வருகின்றன. வாசலில் நின்றாலும் கார் பூட்டியே இருக்கட்டும். சாவியைக் குழந்தைகளுக்கு எட்டாத ஆணியில் மாட்டுங்கள்.