கழித்தல் குறி காட்டுவது திசையை

சவரம் செய்ய வைத்திருக்கும் கண்ணாடியில் முகம் பெரிதாகத் தெரிகிறதே, அது ஒரு குழியாடி. அதன் குவியத் தொலைவு 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. உயரமுள்ள ஒரு பொருள் அதற்கு முன்னால் 10 செ.மீ. தள்ளி நிற்கிறது. பிம்பம் எங்கே விழும்?

முதலில் வரைந்து பார்ப்போம். வரைபடத் தாளில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அதுதான் முதன்மை அச்சு. ஆடியை வளைவாக வரையாமல் செங்குத்துக் கோடாகவே போடலாம். சூத்திரம் அச்சை ஒட்டிச் செல்லும் கதிர்களுக்கானது என்பதால், வளைவாக வரைந்தால் விடை சற்றுப் பிசகும். பொருளை ஆடிக்கு இடப்பக்கம் நிறுத்துங்கள். அதன் உச்சியிலிருந்து அச்சுக்கு இணையாகப் போகும் கதிர், ஆடியில் பட்டுக் குவியத்தின் வழியாகத் திரும்பும். குவியத்திலிருந்து கிளம்பியதுபோல உச்சியைத் தொட்டுச் செல்லும் இன்னொரு கதிர், அச்சுக்கு இணையாகத் திரும்பும். திரும்பிய இரண்டும் ஆடிக்கு முன்னால் சந்திப்பதே இல்லை. அவற்றைப் புள்ளிக்கோடுகளாகப் பின்னோக்கி நீட்டினால், ஆடிக்குப் பின்னால் 30 செ.மீ. தொலைவில், 6 செ.மீ. உயரத்தில் சந்திக்கின்றன. அங்கே இருப்பது நிமிர்ந்த மாயப்பிம்பம்.

இனிக் கணக்கு. கார்டீசியன் மரபில் எல்லாத் தொலைவையும் ஆடி மையத்திலிருந்தே அளக்கிறோம். படும் ஒளி போகும் திசையில் அளந்தால் கூட்டல், எதிர்த்திசையில் அளந்தால் கழித்தல். பொருளும் குவியமும் ஆடிக்கு முன்னால் இருப்பதால் u = –10, f = –15. சூத்திரம் 1/v + 1/u = 1/f. ஆகவே 1/v = –1/15 + 1/10 = 1/30; v = +30. கூட்டல் குறி என்றால் ஆடிக்குப் பின்னால். உருப்பெருக்கம் –v/u = +3, அதாவது மூன்று மடங்கு உயரம். படமும் கணக்கும் ஒத்துப்போகின்றன.

u-வுக்குக் கழித்தல் போட மறந்தால் v = –6 என்று வரும். ஆடிக்கு முன்னால் மெய்ப்பிம்பம் என்று அதற்குப் பொருள். ஆனால் உருப்பெருக்கமோ +0.6, அதாவது நிமிர்ந்த பிம்பம். ஒற்றை ஆடிக்கு முன்னால் வைத்த பொருளின் மெய்ப்பிம்பம் எப்போதும் தலைகீழாகத்தான் இருக்கும். இந்த முரண்பாடே பிழையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே இடத்தில் 15 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்சை வையுங்கள். ஒளி லென்சைக் கடந்து போவதால் f = +15; சூத்திரமும் 1/v – 1/u = 1/f என்று மாறுகிறது. விடை v = –30. இதுவும் மூன்று மடங்கு பெரிய மாயப்பிம்பம்தான், ஆனால் பொருள் இருக்கும் பக்கத்திலேயே விழுகிறது. ஆடியில் மாயப்பிம்பத்துக்குக் கூட்டல், லென்சில் கழித்தல். குறி சொல்வது பிம்பம் எந்தப் பக்கம் என்பதை மட்டுமே. மெய்யா மாயமா என்பதை, ஒளி உண்மையில் அந்தப் பக்கம் போகிறதா என்று பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

ஆகவே தெரிந்த தொலைவுகளுக்கு மட்டும் குறி போடுங்கள். தேடும் v-க்கு முன்கூட்டியே குறி போட வேண்டாம். அதைக் கணக்கே சொல்லிவிடும்.