ஷட்டர் வைக்க முன்சுவரை இடிக்கும் முன்

திருநாவலூர் போன்ற ஒன்றியத் தலைமை ஊர்களில் சாலையைப் பார்த்த வீட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. சுந்தரர் பிறந்த ஊர் என்று கோயிலுக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம், ஒன்றிய அலுவலகத்துக்கு வேலையாக வருகிறவர்கள் மறு பக்கம் என்றால், முன் அறையைக் கடையாக்கி வாடகைக்கு விட யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையில் தவறில்லை. மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இந்தச் சுவரை எடுத்துட்டு பத்தடி ஷட்டர் வையுங்க" என்று ஒரே வரியில் வேலையை ஒப்படைப்பதுதான் தவறு. அந்தச் சுவர் வீட்டைத் தாங்குகிறதா, அல்லது வெறும் மறைப்பாக நிற்கிறதா என்ற கேள்வியை வீட்டுக்காரரும் கேட்பதில்லை, மேஸ்திரியும் கேட்பதில்லை, மனுவை வாங்கும் அலுவலகமும் கேட்பதில்லை. இடிக்கலாமா கூடாதா என்பதற்கான பதில் முழுவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

வீடுகளில் இரண்டு வகை. ஒன்றில் கடைக்கால் போட்டு, சுவரை எழுப்பி, சுவரின் தலையில் கான்கிரீட் தளத்தை ஊற்றுவார்கள். தளத்தின் சுமை சுவர் வழியாகத்தான் மண்ணுக்கு இறங்கும். இது தாங்குசுவர் வீடு. மற்றதில் தூணுக்குக் குழி எடுத்து, தூண், பீம், தளம் மூன்றையும் கான்கிரீட்டில் முடித்துவிட்டு, அதன் பிறகே இடைவெளியைச் செங்கல்லால் அடைப்பார்கள். இது சட்டக வீடு. ஊர்ப் பேச்சில் பில்லர் வீடு. ஆகவே கேட்க வேண்டியது, கட்டும்போது முதலில் வந்தது சுவரா, தளமா என்பதுதான். சுவர் முதலில் வந்திருந்தால் அது தாங்குகிறது. தளம் முதலில் வந்திருந்தால் சுவர் மறைப்பு மட்டுமே. கட்டியவரிடம் கேட்டுப் பார்க்கலாம், கட்டும்போது எடுத்த புகைப்படம் இருந்தாலும் போதும். ஊரகத் தொகுப்பு வீடுகளும், 2011-இல் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடியில் கட்டியவையும் பெரும்பாலும் முதல் வகைதான்.

சுவரின் தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒன்பது அங்குலம் என்றால் தாங்குசுவர், நாலரை அங்குலம் என்றால் தடுப்புச்சுவர் என்ற கணக்கு பாதிதான் சரி. பில்லர் வீட்டிலும் வெளிச்சுவரை ஒன்பது அங்குலத்தில் கட்டுவார்கள். இதைவிட ஆபத்தானது, பில்லர் வீடு என்று உரிமையாளர் நம்பிக்கொண்டிருக்கும் கலப்பு வீடு. நான்கு மூலையிலும் தூண் இருக்கும், ஆனால் தூண்களை இணைக்கும் பீம் இருக்காது. தளம் சுவர் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அந்தத் தூண் இருந்தும் சுவரின் சுமை குறைவதில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. சுவரும் தளமும் சேரும் இடத்தில் ஓரடி நீளத்துக்குப் பூச்சை மட்டும் உதிர்த்துப் பாருங்கள். தளத்துக்கு அடியில் கான்கிரீட் பீம் தெரிந்து, அதன் கீழே செங்கல் தொடங்கினால் அது சட்டகமாக இருக்கலாம். தளத்துக்கு அடியில் நேரடியாகச் செங்கல் தெரிந்தால் அது தாங்குசுவர். ஜன்னலுக்கு மேலே ஓடும் லிண்டலைப் பீம் என்று எண்ணி ஏமாற வேண்டாம். அது தளத்தைத் தாங்குவதற்காகப் போட்டதல்ல.

இனி கணக்குக்கு வருவோம். முன்சுவர் 15 அடி நீளம், ஒன்பது அங்குலத் தடிமன். முன் அறையின் ஆழம் 10 அடி. மேலே ஒரு மாடி. அறைத் தளத்தின் சுமை குறுகிய பக்கமாகத்தான் இறங்கும் என்பதால், அதில் பாதியை முன்சுவர் ஏற்கிறது. ஐந்து அங்குலக் கான்கிரீட், அதன் மேல் தளவரிசை, ஆள், பொருள் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு சுமார் 600 கிலோ என்று வைத்துக்கொண்டால், முன்சுவரின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு தளத்திலிருந்து 275 கிலோ வரும். இரண்டு தளம், நடுவே மாடிச் சுவரின் சொந்த எடை அடிக்கு 400 கிலோ. மொத்தம் அடிக்கு ஏறக்குறைய 950 கிலோ. இன்று அந்தச் சுமை சுவர் முழுதும் பரவி இருப்பதால், சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றரைக் கிலோகூட இல்லை. சாதாரணச் சூளைச் செங்கல் சுவர் மூன்றரைக் கிலோ வரை பாதுகாப்பாக ஏற்கும். அதனால்தான் அந்த வீடு இத்தனை வருடம் அசையாமல் நிற்கிறது.

இதில் பத்தடி இடித்து, மேலே ஒரு பீம் வைத்து, அதன் இரண்டு முனையையும் செங்கல்லில் ஒன்பது அங்குலம் உட்கார வைத்தால் என்ன ஆகும்? பத்தடியின் 9.5 டன், இரண்டு முனைக்கும் பிரிந்து, ஒவ்வொரு முனைக்கும் 4.75 டன்னாக இறங்கும். அந்தச் சிறு சதுரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 9 கிலோ. ஓரிடத்தில் குவியும் சுமைக்குச் சற்றுக் கூடுதலாக விட்டுக்கொடுத்தாலும் ஐந்து கிலோவைத் தாண்டக் கூடாது. பீம் எத்தனை கம்பி போட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும், அது உட்காரும் செங்கல் நொறுங்கினால் பயனில்லை. ஷட்டர் வேலையில் எல்லாரும் கவனிப்பது பீமை. கவனிக்க வேண்டியது பீமின் முனையை. பீமின் முனைக்கு அடியில் ஒன்றரை அடி நீளக் கான்கிரீட் கட்டை போட்டால் சுமை பரவும் என்பது உண்மை. ஆனால் 15 அடியில் 10 அடி போனால் இரு பக்கமும் மிஞ்சுவது இரண்டரை அடிச் சுவர்தான். தன் சொந்தச் சுமையோடு பீமின் சுமையும் சேர்ந்து அதில் நான்கு கிலோவைத் தாண்டிவிடும். அதே சுவரில் ஏழடி மட்டும் திறந்தால் பக்கத்துக்கு நான்கு அடி மிஞ்சும், இரண்டரைக் கிலோவில் நிற்கும். நிலநடுக்கப் பாதுகாப்புக்கான இந்தியத் தர விதி 4326-உம் இதையே வேறு விதமாகச் சொல்கிறது. இரண்டு தளச் செங்கல் வீட்டில், பகுதியைப் பொறுத்து, ஒரு சுவரின் திறப்புகள் அதன் நீளத்தில் 42 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஏழடி என்பது 47 சதவீதம், பத்தடி என்பது 67 சதவீதம். பத்தடிதான் வேண்டும் என்றால், இரு முனையிலும் தனிக் குழி, தனி அடித்தளத்தோடு கான்கிரீட் தூண் எழுப்பித்தான் ஆக வேண்டும். இந்த எண்கள் இந்த ஒரு வீட்டுக்கு. உங்கள் செங்கல், அறை அளவு, மாடி மாறினால் எண்ணும் மாறும். அதைப் போட்டுக் கொடுப்பது பொறியாளர் வேலை.

செய்யும் முறையிலும் பிசகு நடக்கிறது. சுவரில் முதல் அடி விழும் முன் தளத்துக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்திருக்க வேண்டும். மாடி இருந்தால் மேல் தளத்துக்கும் கொடுக்க வேண்டும். ஜாக்கியின் அடியில் பலகை இல்லாவிட்டால் அது தரையில் புதையும். பீம் இறுகிய பின் அதன் தலைக்கும் பழைய செங்கல்லுக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி விழும். அதை இறுக்கமான உலர் கலவையால் அடைத்துத் திணிக்காமல் முட்டுகளை எடுத்தால், மேல் சுவர் அந்த இடைவெளி அளவுக்குக் கீழே இறங்கி வெடிக்கும். பீம் முட்டுக்குக் குறைந்தது 14 நாள். நாலாம் நாளே ஷட்டர் மாட்ட வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். மறுபடி சொல்கிறேன்: முட்டு இல்லாமல் ஒரு செங்கல்லும் எடுக்க வேண்டாம்.

பில்லர் வீடு என்றால் உள்சுவரை எடுப்பது எளிது. சமையலறைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள சுவரை எடுத்தால் பெரும்பாலும் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அங்கே வேறு தவறு நடக்கும். கடைக்கு இடம் போதவில்லை என்று தூணைச் செதுக்குவது, குழாய்க்காகப் பீமைத் துளைப்பது, பீம் இல்லாத தளத்தின் நடுவே புதிதாகச் செங்கல் சுவர் எழுப்புவது. மும்பை காட்கோபரில் 2017 ஜூலை 25 அன்று நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் நடந்த மாற்றுவேலையில் தூண்களில் கைவைத்ததே காரணம் என்று அங்கு குடியிருந்தவர்கள் குற்றம் சாட்டினார்கள். சென்னை பாரிமுனையில் அர்மீனியன் தெருவில் 2023 ஏப்ரல் 19 அன்று இடிந்த பழைய கட்டடத்திலும் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது.

"பக்கத்து வீட்டில் இதேபோல் செய்தார்கள், பத்து வருடமாக நிற்கிறது" என்பார்கள். நிற்கலாம். அங்கே மாடி இல்லாமல் இருந்திருக்கலாம், சுமை எதிர்ப் பக்கச் சுவருக்கு இறங்கியிருக்கலாம், திறப்பு சிறிதாக இருந்திருக்கலாம். அந்த வீட்டின் கணக்கு இந்த வீட்டுக்குப் பொருந்தாது. "மேஸ்திரிக்கு முப்பது வருட அனுபவம்" என்பதும் பதில் அல்ல. அனுபவம் கலவையையும் கட்டுமானத்தையும் சொல்லிக் கொடுக்கும். மேலே எத்தனை டன் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கணக்கு மட்டும்தான் சொல்லும். பொறியாளருக்கு ஆகும் செலவைச் சொல்லித் தயங்குபவர்கள், ஷட்டருக்கும் டைல்ஸுக்கும் ஆகும் தொகையோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

தாள்கள் விஷயம். வெள்ளையடிப்பது, பூசுவது போன்ற சில்லறை மராமத்துக்கு அனுமதி கேட்டு அலைய வேண்டாம். தாங்குசுவர், தூண், பீம், தளம் எதிலாவது கைவைத்தால் அது வேறு வேலை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 ஊராட்சிகளுக்கும் பொருந்தும்; விண்ணப்பம் `onlineppa.tn.gov.in` என்ற ஒற்றைச் சாளரத் தளத்தில் போகும். 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரையிலான குடியிருப்புக்கு மட்டும். முன் அறை கடை ஆகிறது என்றால் அந்த வழி உங்களுக்குரியது அல்ல. "சுயசான்று போதும்" என்று யாராவது கையெழுத்து கேட்டால், கடை என்று எழுத்தில் சொல்லிவிட்டுப் பதில் வாங்குங்கள். வரைபடத்தை மட்டும் பார்த்து அனுப்பும் அலுவலர், எடுக்கப்படும் சுவர் வீட்டைத் தாங்குகிறதா என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். அவர் கேட்காவிட்டாலும், பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் கையெழுத்திட்ட படமும், எந்தச் சுவர் எடுக்கப்படுகிறது, எந்த பீம், எந்த முட்டு, எத்தனை நாள் என்று எழுதிய உறுதிச் சான்றும் உங்கள் கோப்பில் இருக்கட்டும். அதன் நகலை வேலைக்காரருடன் செய்யும் ஒப்பந்தத்தோடு இணையுங்கள்.

பழைய அனுமதி வரைபடம் கையில் இல்லையா? ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடுங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தொகுப்பு வீட்டின் மாதிரி வரைபடம் ஒன்றிய அலுவலகத்தில் கேட்க வேண்டியது. கடையை வாடகைக்கு எடுப்பவர், வீட்டுக்காரரின் எழுத்து ஒப்புதல் இல்லாமல் சுவரில் கைவைக்கக் கூடாது என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள். பக்கத்து வீட்டில் முட்டு இல்லாமல் இடிப்பதைப் பார்த்தால் ஊராட்சிக்கு எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கி, அசைவு இல்லையென்றால் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தின் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்திலும் 1100 எண்ணிலும் பதியுங்கள். வேலை கெட்டுப்போனால், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. ஒப்பந்தமும் ரசீதும் இல்லாதவரிடம் அங்கே முதலில் கேட்கப்படுவது அவைதான்.

ஏற்கெனவே திறந்துவிட்டவர்கள் ஷட்டரின் மூலையிலிருந்து சாய்வாக மேலே ஏறும் வெடிப்பைத் தேடுங்கள். வெடிப்பின் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி அது வளர்ந்தால், அல்லது மாடிக் கதவு திடீரெனத் தட்டத் தொடங்கினால், அன்றே மாடியைக் காலி செய்து, பீமின் இரு முனைக்கும் அருகில் ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள். பூச்சு போட்டு வெடிப்பை மூடாதீர்கள். வெடிப்பு எங்கே தொடங்கியது, எந்தப் பக்கம் ஓடியது என்பதுதான் அவர் பார்க்க வேண்டியது.