பெட்டியில் 11 கிலோ, கை தூக்குவதோ 100 கிராம்

அறிவியல் கண்காட்சிக்காக இயந்திரக் கை செய்யும் மாணவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் எஸ்ஜி90 செர்வோ மோட்டாராகத்தான் இருக்கும். எடை 9 கிராம், விலையோ சில ரிங்கிட். ஒரு கதவைத் திறக்கவோ கொடியை ஆட்டவோ அது போதும். அதையே கையின் தோள் மூட்டில் பொருத்தி ஒரு சிறு பொருளைத் தூக்கச் சொன்னால், கை பாதி வழியில் நின்று நடுங்கும். செர்வோ 'உர்ர்' என்று முனகும், தொட்டால் சுடும். கொஞ்ச நேரத்தில் உள்ளே 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதோடு கதை முடிந்தது.

சுமை தாங்கும் மூட்டுக்குச் செர்வோ வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். அது தரும் முறுக்கு விசை எவ்வளவு, திணறும்போது இழுக்கும் மின்னோட்டம் எவ்வளவு, உள்ளே இருக்கும் பல்சக்கரம் எதனால் ஆனது? இவற்றை ஓர் உதாரணக் கையை வைத்துப் பார்ப்போம்.

பெட்டியில் உள்ள எண்

எம்ஜி996ஆர் என்ற செர்வோவை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 55 கிராம். 6 வோல்ட்டில் அதன் முறுக்கு விசை 11 கிலோ-செ.மீ. என்று தயாரிப்பு விவரத்தில் இருக்கும். அதாவது, அச்சிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் 11 கிலோ எடையைத் தொங்கவிட்டால் அதற்கு அது ஈடுகொடுக்கும். தூரம் 10 செ.மீ. ஆனால் 1.1 கிலோதான். 20 செ.மீ. ஆனால் 550 கிராம்தான். பள்ளியில் நெம்புகோல் பாடத்தில் படித்த அதே கணக்கு.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 11 என்பது செர்வோ 'தூக்கும்' அளவு அல்ல. அந்தச் சுமையில் செர்வோ அசையாமல் நின்றுவிடும். ஆங்கிலத்தில் 'ஸ்டால்' என்பது இந்த நிலைதான். ஓர் ஆள் முழுப் பலத்தையும் கொடுத்துச் சுவரைத் தள்ளுவது போல: உழைப்பு உண்டு, நகர்வு இல்லை. ஆகவே பெட்டியில் உள்ள எண் எல்லைக்கோடு. வேலை செய்யும் இடம் அதற்கு வெகு உள்ளே இருக்க வேண்டும்.

தோள் மூட்டின் கணக்கு

நம் கையின் நீளம் தோளிலிருந்து விரல் நுனி வரை 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். நடுவில், 10 செ.மீ. தூரத்தில், முழங்கை மூட்டு. கை தரைக்கு இணையாக நீட்டியிருக்கும்போதுதான் தோளுக்குச் சுமை மிக அதிகம். நேராக மேலே தூக்கி நிறுத்தினால் சுமை ஏறக்குறைய இல்லை. எனவே கணக்கை நீட்டிய நிலைக்கே போட வேண்டும். ஒவ்வொரு பாகத்தின் எடையையும் அது தோளிலிருந்து இருக்கும் தூரத்தால் பெருக்குங்கள்.

தூக்கும் பொருள் 100 கிராம், தூரம் 20 செ.மீ.: 2000.
பிடிப்பானும் அதன் சிறு செர்வோவும் 30 கிராம், தூரம் 18 செ.மீ.: 540.
முழங்கைச் செர்வோ 55 கிராம், தூரம் 10 செ.மீ.: 550.
கையின் சட்டம் 40 கிராம், அதன் நடுப்புள்ளி 10 செ.மீ.: 400.

கூட்டினால் 3490 கிராம்-செ.மீ., அதாவது ஏறக்குறைய 3.5 கிலோ-செ.மீ. தூக்கும் பொருளுக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால் விடை 2 என்று வந்திருக்கும். மீதி 1.5 கை தன்னைத்தானே தூக்கிக்கொள்ளச் செலவாகிறது. பலர் மறப்பது இதைத்தான்.

எஸ்ஜி90 தருவது 4.8 வோல்ட்டில் 1.8 கிலோ-செ.மீ. வெறும் கையைத் தூக்குவதற்குள்ளேயே அது எல்லைக்கு அருகில் போய்விடும்.

ஏன் மூன்றில் ஒரு பங்கு?

நமக்கு வேண்டியது 3.5 என்றால், 4 கிலோ-செ.மீ. செர்வோ போதாதா? போதாது. காரணம் வெப்பம்.

செர்வோவின் உள்ளே இருப்பது ஒரு சாதாரண மின்மோட்டார். அது சுழலும்போது தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வரும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. சுழற்சி நின்றால் அந்தத் தடுப்பு இல்லை. மின்னோட்டம் உச்சத்துக்கு ஏறும். எம்ஜி996ஆர் 6 வோல்ட்டில் அப்படி நிற்கும்போது இழுப்பது 2.5 ஆம்பியர். இதுதான் ஸ்டால் மின்னோட்டம். 6 பெருக்கல் 2.5 என்றால் 15 வாட். அச்சு சுழலாததால் அத்தனையும் வெப்பமாகிறது. 15 வாட் என்பது ஒரு சிறிய பற்றவைப்புக் கோலின் அளவு. தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மோட்டாரின் முறுக்கு விசை மின்னோட்டத்தின் அளவில் ஏறி இறங்கும். ஆனால் கம்பிச்சுருளின் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறி இறங்கும். எனவே முறுக்கு விசையைப் பாதியாகக் குறைத்தால் வெப்பம் கால் பங்காகும், ஏறக்குறைய 4 வாட். மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தால் வெப்பம் ஒன்பதில் ஒரு பங்கு, 2 வாட்டுக்கும் குறைவு. அந்த அளவை ஒரு சிறிய கூடு தாங்கிக்கொள்ளும்.

ஆகவே நம் 3.5 ஐ மூன்றால் பெருக்குங்கள். 10.5 கிலோ-செ.மீ. வருகிறது. 6 வோல்ட்டில் 11 தரும் எம்ஜி996ஆர் இந்தக் கைக்கு மட்டுமட்டாகப் பொருந்தும். அதே செர்வோ 4.8 வோல்ட்டில் 9.4 தான் தரும். மின்னழுத்தம் குறைந்தால் பலமும் குறையும். கை சுமையோடு நிமிடக் கணக்கில் நீட்டியபடியே நிற்க வேண்டும் என்றால், அடுத்த வகையான 20 கிலோ செர்வோவுக்குப் போவது நல்லது. எப்போதாவது ஒருமுறை தூக்கி உடனே இறக்கும் மூட்டுக்கு, இரு மடங்கு இருந்தாலே சமாளிக்கலாம்.

மின்சாரம் எங்கிருந்து?

நம் கையில் அடித்தளம், தோள், முழங்கை என மூன்று எம்ஜி996ஆர், பிடிப்பானில் ஒரு சிறு செர்வோ. ஸ்டால் மின்னோட்டங்களைக் கூட்டினால் 7.5 ஆம்பியரும், சிறியதற்கு ஏறக்குறைய 0.7 ஆம்பியரும் சேர்ந்து 8.2 ஆம்பியர். 'எல்லாமே ஒரே நேரத்தில் திணறப் போவதில்லையே' என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நின்றிருக்கும் மோட்டார் நகரத் தொடங்கும் அந்தக் கணத்திலும் எதிர் மின்னழுத்தம் இல்லை. சுவிட்சைத் தட்டியதும் நான்கும் ஒன்றாகத் துள்ளும்போது, கண நேரத்துக்கு இந்த அளவு தேவைப்படும்.

கணினியின் யுஎஸ்பி வழியாக மின்சாரம் பெறும் அர்டுவினோ ஊனோ பலகையில் 500 மில்லி ஆம்பியருக்கு ஒரு காப்பு உருகி உண்டு. அதன் 5 வோல்ட் முனையிலிருந்து இந்தச் செர்வோக்களை ஓட்ட முடியாது. முயன்றால் மின்னழுத்தம் சரியும், பலகை தன்னைத்தானே மறுதொடக்கம் செய்யும், கை வெட்டி வெட்டி இழுக்கும். மாணவர்கள் நிரலில் பிழை தேடி ஒரு மாலையையே செலவழிப்பார்கள். நிரலைத் தொடும் முன், கை தூக்கும் நேரத்தில் செர்வோவின் கம்பி முனைகளில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 6 வோல்ட் 5க்குக் கீழே இறங்கினால் குற்றவாளி நிரல் அல்ல.

இந்தக் கைக்கு 6 வோல்ட், 10 ஆம்பியர் தரும் தனி மின்வழங்கி வேண்டும். அதன் எதிர்முனையையும் அர்டுவினோவின் தரைமுனையையும் ஒரு கம்பியால் இணைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் கட்டளைச் சமிக்ஞை ஒழுங்காகப் போய்ச் சேராது. செர்வோக்களுக்கான மின்சாரத்தைப் பிரெட்போர்டு வழியாகக் கொண்டு போகாமல் தடித்த கம்பியில் நேராகக் கொடுங்கள். அந்தப் பலகையின் மெல்லிய பிடிப்புகள் இவ்வளவு மின்னோட்டத்துக்கு ஆனவை அல்ல.

உலோகப் பல் பலம் தருமா?

'மெட்டல் கியர்' என்று எழுதியிருந்தால் அதிக பலம் என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்ஜி90 இல் பிளாஸ்டிக் பல்சக்கரம், எம்ஜி90எஸ் இல் உலோகப் பல்சக்கரம். ஆனால் 4.8 வோல்ட்டில் இரண்டுக்கும் விவரத்தாளில் உள்ள எண் அதே 1.8 கிலோ-செ.மீ. பலம் தருவது மோட்டார். பல்சக்கரத்தின் பொருள், அந்தப் பலத்தையும் வெளியிலிருந்து வரும் அடியையும் தாங்குமா என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது.

மோட்டாரிலிருந்து வெளி அச்சு வரை பல சக்கரங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு படியிலும் வேகம் குறைந்து விசை பெருகுகிறது. கடைசிச் சக்கரத்தின் பற்களில்தான் விசை மிக அதிகம். கை தவறி மேசையில் இடித்தாலோ, யாராவது கையால் அழுத்தினாலோ, அந்த அடி முதலில் விழுவதும் அங்கேதான். பிளாஸ்டிக் பல் அங்கே ஒடிந்துவிடும். மோட்டார் சுழலும் சத்தம் கேட்டும் கை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் வழுக்கி விழுந்தால், பல் போய்விட்டது என்று பொருள்.

உலோகப் பல் சட்டென்று ஒடியாது, ஆனால் மெல்லத் தேயும். தேய்ந்தால் மூட்டில் ஆட்டம் விழும். 1 பாகை ஆட்டம் சிறிதாகத் தோன்றலாம். 20 செ.மீ. கையின் நுனியில் அது 3.5 மில்லிமீட்டர். பிடிப்பான் பொருளைத் தவறவிட அது போதும். அதனால் சுமை தாங்கும் தோளுக்கும் முழங்கைக்கும் உலோகம், லேசாகத் திறந்து மூடும் பிடிப்பானுக்குப் பிளாஸ்டிக் என்று பிரித்துக்கொள்ளலாம். அச்சில் மாட்டும் கொம்பும் உலோகமாக இருக்கட்டும். உள்ளே உலோகம் வைத்து வெளியே பிளாஸ்டிக் கொம்பு மாட்டினால், அடுத்து வழுக்குவது அதுதான்.

வாங்கியதும் ஒரு சோதனை

ஒரே பெயரில் பலர் செய்து விற்பதால், எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். செர்வோவை மேசை விளிம்பில் இறுகப் பிடிக்கச் செய்து, 10 செ.மீ. பட்டை ஒன்றைக் கொம்பில் திருகுங்கள். பட்டையின் நுனியில் தண்ணீர் போத்தலைக் கட்டுங்கள். 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம் என்பதால் 700 மில்லிலிட்டர் என்றால் 7 கிலோ-செ.மீ. பட்டையைச் சாய்ந்த நிலையிலிருந்து கிடைநிலைக்கு வரச் சொல்லுங்கள். தூக்க முடியாமல் முனகினால் இரண்டு வினாடிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தண்ணீரைக் குறைத்து மீண்டும் பாருங்கள். தூக்கிய மிகப் பெரிய அளவுதான் உங்கள் செர்வோவின் உண்மையான எண்.

அந்த எண் 10.5 ஐ எட்டாவிட்டால், உடனே பெரிய செர்வோவை வாங்க ஓட வேண்டியதில்லை. முழங்கைச் செர்வோவை அடித்தளத்துக்கு அருகில் வைத்து ஒரு தண்டால் இயக்கினால், தோளின் கணக்கிலிருந்து 550 அப்படியே கழிந்துவிடும். தோளுக்குப் பின்னால் 5 செ.மீ. தூரத்தில் 200 கிராம் எதிர் எடை வைத்தால் இன்னும் 1000 கழியும். 3490 ஆக இருந்தது 1940 ஆகிவிட்டது. இப்போது 6 கிலோ-செ.மீ. உண்மையாகத் தரும் ஒரு செர்வோ அதே 100 கிராமைச் சூடாகாமல் தூக்கும்.