தீபாவளிக்கு யார் டூட்டி?

அக்டோபர் பிறந்தால் அலுவலகங்களில் போனஸ் பேச்சு தொடங்கும். மருத்துவமனை வார்டுகளில் டூட்டி லிஸ்ட் பேச்சு தொடங்கும். "போன தடவையும் நான்தானே சிஸ்டர் பார்த்தேன்?" என்று ஒருவர் கேட்க, "இல்லையே, நீ போன வருஷம் ஊருக்குப் போயிருந்தியே" என்று இன்சார்ஜ் சிஸ்டர் சொல்ல, இரண்டில் எது உண்மை என்று காட்ட ஒரு தாள்கூட இருக்காது. பழைய லிஸ்ட் மாதக் கடைசியிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

இந்தச் சண்டையில் பாதி குணத்தால் வருவதில்லை, கணக்கால் வருகிறது. பத்து செவிலியர்கள் உள்ள ஒரு வார்டை எடுத்துக்கொள்வோம். காலை 7 முதல் 1 வரை ஒரு ஷிப்ட், 1 முதல் 7 வரை ஒன்று, இரவு 7 முதல் மறுநாள் காலை 7 வரை நைட். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு ஷிப்டுக்கும் இரண்டு பேர் வேண்டும் என்றால் மொத்தம் ஆறு பேர். மிச்சம் நான்கு பேருக்கு விடுமுறை. சுழற்சி சரியாக இருந்தால் ஒவ்வொருவருக்கும் பத்து ஞாயிறுகளில் நான்கு வீட்டில் கழியும். அதற்கு மேல் எந்த நல்ல இன்சார்ஜாலும் தர முடியாது. இந்த எண்ணிக்கையை முதலில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் பலர் மனதில், நியாயமாக நடந்தால் எல்லா ஞாயிறும் கிடைத்துவிடும் என்ற கணக்குதான் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த நான்கும் சத்தமில்லாமல் இரண்டாகச் சுருங்கும் ஒரு வழி இருக்கிறது. நைட் டூட்டி வாரக்கணக்கில் மாறுகிறது. பல இடங்களில் வாரம் என்றாலே ஞாயிறு என்று எடுத்துக்கொண்டு, ஞாயிறு இரவு புது ஜோடியை ஏற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் சனி இரவு பார்த்த பழைய ஜோடி ஞாயிறு காலை 7 மணிக்கு வீடு திரும்பிப் பகல் முழுவதும் தூங்கும். லிஸ்டில் அவர்களுக்கு நேராக 'ஆஃப்' என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் அதை விடுமுறை என்று சொல்ல முடியுமா? அன்று இரவு புது ஜோடி வேறு ஏறுகிறது. ஆக ஆறு பேருக்குப் பதில் எட்டு பேரின் ஞாயிறு கெடுகிறது. அதே மாற்றத்தைப் புதன்கிழமைக்குத் தள்ளினால் சனி இரவும் ஞாயிறு இரவும் ஒரே ஜோடியிடம் இருக்கும், நான்கு பேருக்கு முழு ஞாயிறு திரும்பக் கிடைக்கும். ஆள் கூட்ட வேண்டாம், மேலிடத்துக்கு எழுத வேண்டாம். கிழமையை மாற்றினால் போதும்.

பண்டிகை நாள் ஞாயிறு மாதிரி அல்ல. ஞாயிறு வாராவாரம் வரும், தீபாவளி ஆண்டுக்கு ஒன்றுதான். தவிர, பண்டிகை நாளின் எல்லா மணி நேரமும் ஒரே எடை கொண்டதில்லை. தீபாவளி விடிவதற்கு முன் எண்ணெய்க் குளியலில் தொடங்குகிறது. அன்று பகல் 1 மணிக்கு வேலைக்கு வருபவர் குளித்து, புதுத்துணி உடுத்தி, பிள்ளைகள் பட்டாசு வெடிப்பதையும் பார்த்துவிட்டு வருகிறார். நைட் பார்க்கிறவர் விடிகாலையில் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார், வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தால் மறுபடி இரவு 7 மணி. கிறிஸ்துமஸில் கனமான ஷிப்ட் டிசம்பர் 24 இரவு, நள்ளிரவு ஆராதனை அதில்தான் போகும். ரம்ஜானில் காலைத் தொழுகை நேரம். அதிலும் பிறை பார்த்த பிறகுதான் நாள் உறுதியாகும் என்பதால், அந்த வாரத்தில் அடுத்தடுத்த இரண்டு காலைகளையும் அந்தச் செவிலியருக்கு விட்டுவைக்க வேண்டியிருக்கும்.

இங்கே பலரும் கண்டுபிடிக்கும் சுலபமான வழி, "கிறிஸ்டியன் சிஸ்டர்ஸ் தீபாவளி, பொங்கல் பார்க்கட்டும், நாங்க கிறிஸ்துமஸ் பார்க்கிறோம்" என்பது. கேட்க அழகாக இருக்கிறது. பத்தில் இரண்டு பேர் கிறிஸ்தவர் என்றால், அந்த இரண்டு பேரும் ஆண்டுதோறும் இரண்டு பண்டிகையும் பார்த்து ஒன்றை வாங்குகிறார்கள். மற்ற எட்டு பேரில் இரண்டு பேருக்கு ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்துமஸ் முறையே வராது. பள்ளி லீவில் வீட்டில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளையும் யாரும் நினைப்பதில்லை. எந்தப் பண்டிகை வேண்டும் என்பதை மதம் தீர்மானிக்கலாம், எத்தனை நாள் உழைக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்கக் கூடாது. கல்யாணம் ஆகாதவர், ஹாஸ்டலில் தங்கியிருப்பவர், ஒப்பந்தத்தில் இருப்பவர் ஆகியோர் விஷயத்திலும் இதேதான். "உனக்கென்ன, குழந்தையா குட்டியா" என்ற வாசகத்தைப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே கேட்காத செவிலியர் குறைவு.

பத்து பேருக்கு நடைமுறையில் எப்படிப் பிரிக்கலாம்? தீபாவளிக்கு நான்கு பேருக்கு விடுமுறை, வேறு நான்கு பேருக்குப் பொங்கல். மிஞ்சும் இரண்டு பேருக்கு அந்த ஆண்டு இரண்டும் இல்லை. அடுத்த ஆண்டு முதலில் கேட்கும் உரிமை அவர்களுடையது. தீபாவளி நைட்டை இந்த இரண்டு பேர் தலையில் கட்டக் கூடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகப்போகும் நால்வரிலிருந்துதான் அந்த ஜோடியை எடுக்க வேண்டும். ஆண்டுதோறும் வேறு ஜோடி என்றால் ஒருவருக்கு ஐந்து ஆண்டில் ஒரே ஒருமுறைதான் அந்த நைட் வரும். ஐந்து தீபாவளியில் இரண்டு, ஐந்து பொங்கலில் இரண்டு வீட்டில். குறைவுதான், ஆனால் எல்லோருக்கும் அதே குறைவு.

ஜோடி சேர்க்கும்போது இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அனுபவசாலிகள் எல்லோரும் விடுமுறையை எடுத்துக்கொண்டு, புதிதாகச் சேர்ந்த இருவரைத் தீபாவளி இரவில் ஒன்றாக நிறுத்துவது நோயாளிக்கு ஆபத்து. அன்று அறுவை சிகிச்சை வார்டில் கட்டில்கள் காலியாக இருக்கலாம், டிஸ்சார்ஜ் கேட்டு எல்லோரும் முன்பே போயிருப்பார்கள். தீக்காயப் பிரிவில் நிலைமை நேர் எதிர். எனவே எந்த வார்டுக்கு எத்தனை பேர் என்பதை அந்தந்த வார்டின் பழைய பண்டிகை நாள் நோயாளி எண்ணிக்கையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இதற்கெல்லாம் தேவை ஒரு நீள நோட்டு. லிஸ்டில் யார் பெயர் இருந்தது என்பதை விட்டுவிட்டு, உண்மையில் யார் வந்து வேலை பார்த்தார் என்பதை அதில் எழுத வேண்டும். ஞாயிறுக்கு ஒரு பக்கம், பெரிய பண்டிகைக்கு வேறு பக்கம். இரண்டையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டினால், ஞாயிறுகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு தீபாவளியிலிருந்து நிரந்தரமாகத் தப்பிக்கும் சாமர்த்தியசாலிகள் கிளம்புவார்கள். மியூச்சுவல் போட்டால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், கணக்கு வேலை பார்த்தவர் பெயரில் ஏறும். பண்டிகையன்று காலை காய்ச்சல் என்று போன் வந்தால் நம்பித்தான் ஆக வேண்டும், காய்ச்சல் நாள் பார்த்து வருவதில்லை. ஆனால் அவருடைய முறை கழிந்ததாக எழுதக் கூடாது, அடுத்த பண்டிகைக்கு அது அப்படியே நிற்கும். மூன்று ஆண்டு நோட்டைப் புரட்டினால் யாருக்குத் தீபாவளிக்குத் தீபாவளி காய்ச்சல் வருகிறது, எந்த ஜூனியர் எப்போதும் சீனியருக்காகவே மியூச்சுவல் போடுகிறார் என்பது யாரும் புகார் சொல்லாமலே தெரிந்துவிடும். இன்சார்ஜ் மாறிப் போகும்போது சாவிக்கொத்தோடு இந்த நோட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

கடைசியாக, லிஸ்ட் ஒட்டும் தேதி. ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, தென்மாவட்ட ரயில்களில் தீபாவளி டிக்கெட் நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. பத்து நாள் முன்னால் விடுமுறை என்று தெரிந்து திருநெல்வேலிக்காரர் என்ன செய்வார்? 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை ரயிலுக்கான முன்பதிவு செப்டம்பர் 7 அன்று திறக்கும். வார்டு இன்சார்ஜ்கள் அதற்கு முன்பே தீபாவளி லிஸ்டைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.