150 பேர், 60 குடும்பம், 134 இலை

சென்ற தை மாதம் தாம்பரத்துக்கு அப்பால் என் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். அழைப்பு 150 பேருக்கு. "தலைக்கு ஐந்நூறுன்னு வச்சுக்கலாமா அண்ணா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில்தான் சிக்கல். வாத்தியார் தலைக்கணக்கில் வாங்குவதில்லை. சமையல்காரர் இலையை எண்ணுவார். தாம்பூலப் பை குடும்பத்துக்கு ஒன்று. பந்தலோ வாசலின் அகலத்தைப் பொறுத்தது.

முதலில் வாத்தியார். கணபதி ஹோமம், நவக்கிரக ஹோமம், வாஸ்து சாந்தி மூன்றுக்கும் மூன்று பேர் வந்தார்கள். தட்சிணை 9,000 ரூபாய். விருந்தாளி பத்துப் பேரானாலும் ஐந்நூறு பேரானாலும் இது மாறாது. மாறுவது சாமான் கணக்குதான். "சாமான் நாங்களே கொண்டுவருவோம்" என்றால் அதில் நெய், சமித்து, நவதானியம் அடங்கியிருக்கும். ஒன்பது நிறத் துணி, கலசத்துக்கு வேட்டி, பழம், தேங்காய் பல நேரம் நம் தலையில் விழும். பட்டியலை ஒரு வாரம் முன்பே கேட்டு வாங்கினோம். எல்லாம் சேர்த்து 5,500 ஆனது. பசுவும் கன்றும் வந்து போக 2,000. வழவழப்பான டைல்ஸைக் கண்டதும் பசு வாசற்படியிலேயே நின்றுவிட்டது. சாக்கு விரித்த பிறகுதான் காலெடுத்து வைத்தது. ஹோம குண்டத்துக்கு அடியிலும் செங்கல் அடுக்கி மணல் கொட்டச் சொல்லுங்கள்; சூட்டில் டைல்ஸ் விரிசல் விட்டால் அந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் இருக்காது.

கவனம் முழுதும் வேண்டியது சாப்பாட்டில். விடிகாலை முகூர்த்தம் என்பதால் காலை டிபன்தான் பெரிய பந்தி. இட்லி, பொங்கல், வடை, கேசரி, காபி: இலைக்கு 160 ரூபாய். மதியச் சாப்பாடு நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும், இலைக்கு 300. சமையல்காரர் இரண்டு எண் கேட்பார். ஒன்று, யாருமே வராவிட்டாலும் நாம் கொடுக்க வேண்டிய இலை. இன்னொன்று, அவர் தயாராக வைத்திருக்க வேண்டிய இலை. 150 பேர் பட்டியலில் வெளியூர்க்காரர்களையும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளையும் கழித்துப் பார்த்து டிபனுக்கு 120 உறுதி, 140 தயார் என்று பேசினோம். போட்டது 134 இலை, 21,440 ரூபாய். மதியத்துக்கு மட்டும் ஆசையில் 50 உறுதி சொல்லிவிட்டோம். உட்கார்ந்தது 41 பேர். சாப்பிடாத ஒன்பது இலைக்கு 2,700 ரூபாய் கொடுத்தோம்.

இலையை எண்ணுவதிலும் தகராறு வரும். படையலுக்கு எடுத்தது, கிழிந்தது, வாத்தியார் தாம்பாளத்தில் விரித்தது எல்லாம் கணக்கில் ஏறிவிடும். பந்தி தொடங்குமுன் கட்டை எண்ணி, முடிந்ததும் மிச்சத்தை எண்ண மைத்துனரை நிறுத்தினோம். மனுஷர் காபிகூடக் குடிக்கப் போகவில்லை. பரிமாறுகிறவர் கூலி, வண்டி வாடகை, தண்ணீர் கேன் மூன்றும் இலை விலைக்குள் இல்லை என்பது கேட்ட பிறகே தெரிந்தது. அது 3,500.

அலங்காரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பந்தல், நாற்காலி, மேஜை 6,500. வாழைமரம், மாவிலைத் தோரணம், பூ 3,500. முகூர்த்த நாளில் மல்லிகை விலை ஏறிவிடும் என்பதால் வாசல் மாலைகளைச் சாமந்தியில் கட்டச் சொன்னோம். பெண்களுக்குத் தலையில் வைக்க மட்டும் மல்லிகை.

தாம்பூலப் பையில் தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், லட்டு, சின்னப் பித்தளை விளக்கு. பை ஒன்றுக்கு 130 ரூபாய். தங்கை 150 பை வாங்கக் கிளம்பினாள். பட்டியலைக் குடும்பமாகப் பிரித்தால் 60தான் வந்தது. பதினைந்து கூட வைத்து 75 வாங்கினோம், 9,750 ரூபாய். பலர் மறப்பது வேலையாட்களை. மேஸ்திரி, ஆசாரி, எலெக்ட்ரீஷியன் என்று எட்டுப் பேருக்கு வேட்டி துண்டு, சேலை எடுத்ததில் 4,800 ஆனது. வீட்டைக் கட்டியவர்கள் அவர்கள். இதில் கை சுருங்கக் கூடாது.

மொத்தம் 80,990. இதை 150 பேரால் வகுத்தால் தலைக்கு 540 வரும். ஆனால் இன்னும் இருபது பேரைக் கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்குப்படி பத்தாயிரத்துக்கு மேல் ஆகியிருக்காது. எல்லோருமே வந்திருந்தாலும் டிபனுக்கு 3,200, எட்டுப் பைக்கு 1,040, அவ்வளவுதான். செலவைக் குறைக்க நினைத்தால் அழைப்பைக் குறைக்காதீர்கள். மதியப் பந்தியின் உறுதி எண்ணைக் குறைத்துப் பேசுங்கள். உறுதிக்கு மேல் போடும் இலைக்கும் அதே விலைதானா என்று அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.