கொதித்துக் கொதித்துக் கெடும் எண்ணெய்

மாலை நேரத்தில் பஜ்ஜிக் கடை வாணலியைக் கவனித்தால், மாவு தோய்த்த வாழைக்காய் விழுந்ததும் எண்ணெய் சலசலவென்று பொங்குவது தெரியும். அங்கே கொதிப்பது எண்ணெய் இல்லை. வாழைக்காயிலும் மாவிலும் இருக்கும் தண்ணீர்தான் ஆவியாகிக் குமிழ்களாக மேலே வருகிறது. எண்ணெய் கெடத் தொடங்குவதும் அங்கேதான்.

எண்ணெயின் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு கிளிசரால் தண்டும், அதில் ஒட்டிய மூன்று கொழுப்பு அமில வால்களும் இருக்கும். இதற்கு டிரைகிளிசரைடு என்று பெயர். இதில் மின்னேற்றம் பெரிய ஏற்றத்தாழ்வில்லாமல் பரவியிருக்கிறது. தண்ணீர் அப்படியல்ல, அதன் ஒரு பக்கம் சற்று நேர்மின்னாகவும் மறுபக்கம் சற்று எதிர்மின்னாகவும் இருக்கும். இப்படி முனைகள் கொண்ட பொருளைத்தான் போலார் என்கிறார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாததற்குக் காரணம் இந்த வேறுபாடு.

பொரிக்கும் சூடு 170 முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் நீராவி டிரைகிளிசரைடைத் தாக்கி வால்களைக் கழற்றிவிடுகிறது. கழன்ற வால் தனிக் கொழுப்பு அமிலமாகத் திரிகிறது. வால் இழந்த தண்டு டைகிளிசரைடாக, மோனோகிளிசரைடாக நிற்கிறது. வெட்டுப்பட்ட இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனை முளைப்பதால், இவை எல்லாம் போலார் சேர்மங்களாகிவிடுகின்றன.

மேலே காற்று பட்டுக்கொண்டே இருக்கிறது. வால்களில் இரட்டைப் பிணைப்பு உள்ள இடங்களில் ஆக்சிஜன் எளிதில் ஏறிக்கொள்ளும். சூரியகாந்தி எண்ணெயில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம், பாமாயிலில் குறைவு. சூரியகாந்தி எண்ணெய் வாணலியில் சீக்கிரம் கெடுவதற்கு இது முக்கியக் காரணம். ஆக்சிஜன் ஏறியதும் உண்டாகும் பெராக்சைடுகள் அந்தச் சூட்டில் நிலைப்பதில்லை. உடைந்து ஆல்டிஹைடு போன்றவையாக மாறுகின்றன. அவற்றில் லேசானவை நீராவியோடு பறந்துவிடும். கனமானவை எண்ணெயிலேயே தங்கி, ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. வாணலியின் விளிம்பில் தேய்த்தாலும் போகாமல் பழுப்புப் பிசினாக ஒட்டியிருப்பது இதுவே. பழைய எண்ணெய் கெட்டியாகத் தெரிவதும் இதனால்தான்.

நாற்றம் வரவில்லையே, வடிகட்டினால் தெளிவாகத்தானே இருக்கிறது என்று எண்ணெயை நம்புவது சரியல்ல. நாற்றம் தரும் பொருள்கள் ஆவியோடு போனபின்பும் கெடுதல் உள்ளே இருக்கும். வடிகட்டினால் கருகிய மாவுத் துகள்தான் நிற்கும்; எண்ணெயில் கரைந்த போலார் சேர்மங்கள் துணியைக் கடந்து கீழே இறங்கிவிடும்.

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் வைத்த வரம்பு 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது: மொத்தப் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆய்வகத்தில் எண்ணெயை சிலிக்கா நிரப்பிய குழாய் வழியே விட்டு இதை அளக்கிறார்கள். கெடாத டிரைகிளிசரைடு முதலில் வெளியே வந்துவிடும், முனையுள்ளவற்றை சிலிக்கா பிடித்துக்கொள்ளும். சூடான எண்ணெயில் தோய்த்தால் அளவைக் காட்டும் கைக்கருவியும் உண்டு. போலார் சேர்மங்கள் கூடக்கூட எண்ணெயின் மின்பண்பு மாறுவதை வைத்து அது கணக்கிடுகிறது.

பல கடைகளில் வாணலி காலியாவதே இல்லை. எண்ணெய் குறையக் குறையப் புதிது ஊற்றுவார்கள். இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று லிட்டர் எண்ணெயில் போலார் அளவு 24 சதவீதத்துக்கு ஏறிவிட்டது. ஒரு லிட்டர் பலகாரத்தோடு போய்விட, 4 சதவீதம் உள்ள புது எண்ணெய் ஒரு லிட்டர் சேர்க்கிறார்கள். இப்போது மொத்த அளவு சுமார் 17 சதவீதம். எண்ணெய் தேறிவிட்டது போலத் தோன்றும். ஆனால் மீந்த இரண்டு லிட்டரில் இருந்த கெட்ட பொருள் ஒரு துளிகூடக் குறையவில்லை. அதில் உள்ள மோனோ, டைகிளிசரைடுகள் சோப்புபோல் வேலைசெய்து தண்ணீரை எண்ணெயோடு கலக்கவைக்கின்றன; அதனால் நீராவியின் தாக்குதல் இன்னும் எளிதாகிறது. ஏற்கெனவே இருக்கும் பெராக்சைடுகளும் தனி அமிலங்களும் புது எண்ணெயின் கெடுதலையும் வேகப்படுத்துகின்றன. ஒரு லிட்டர் நல்ல எண்ணெயைப் பழையதில் ஊற்றி வீணாக்குவதாகவே இதை நான் பார்க்கிறேன்.

கருவி இல்லாமலும் சில அடையாளங்கள் தெரியும். பலகாரம் போடும்போது எழும் நுரை உடனே உடையாமல் மேலே மிதந்து நின்றால், எண்ணெய் வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைந்தால், கரண்டியிலிருந்து கெட்டியாக வழிந்தால், அதை மாற்றும் நேரம் வந்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மசாலாவும் மாவும் கருகினால் நல்ல எண்ணெயும் கறுக்கும்.

வீட்டில் பொரித்த எண்ணெய் மிஞ்சினால் ஆறவைத்து வடிகட்டி மூடி வையுங்கள். மறுபடி பொரிக்காமல், ஓரிரு நாளுக்குள் தாளிக்கவோ குழம்புக்கோ பயன்படுத்தித் தீர்த்துவிடுங்கள். இரும்பும் செம்பும் ஆக்சிஜன் ஏறுவதைத் துரிதப்படுத்தும். ஆகவே அதை இரும்புச் சட்டியிலேயே விட்டுவைக்க வேண்டாம். பலகாரத்துக்கு உப்பை எண்ணெய்க்கு மேலே பிடித்துத் தூவாமல், தட்டில் எடுத்தபின் தூவுங்கள். கடை நடத்துகிறவர்கள் கழித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமலும், யாரிடமும் சமையலுக்கு விற்காமலும், பயோடீசல் தயாரிக்கச் சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.